ஆயாவின் நிறம் ஏன் வெளுக்கிறது? படம் ஆக்கும் செயலிகளும் பழைய படங்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மேகஸின் பாரக்ஸ் குடியிருப்பில் வாழ்ந்த குடும்பங்களிடம் 1950களில் எடுத்த ஸ்டூடியோ படம் ஒன்றாவது இருக்கும். திரைச்சீலைக்கு முன்னால் நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஆயா, தபால் அட்டை அளவில் கறுப்பு வெள்ளைப் படம். 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்க்கப்பட்டபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு மடங்கி, கீறல் விழுந்து, ஈரம் பட்டு வந்த படங்கள் அவை. இப்போது பேரப்பிள்ளைகள் அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றி, "சுத்தம் செய்து வண்ணம் கொடு" என்று கேட்கிறார்கள்.

கீறல் போய்விடுகிறது, வண்ணமும் வந்துவிடுகிறது. கூடவே ஆயாவின் நல்ல கறுத்த நிறம் கோதுமை நிறமாகியிருக்கிறது. மூக்கு ஒடுங்கியிருக்கிறது. கீழுதடு மெலிந்திருக்கிறது. கன்னத்தில் சுருக்கம் இல்லை. அழகான படம்தான், ஆனால் ஆயாவோடு வளர்ந்த மகள் பார்த்ததும், "இது எங்கள் அம்மா இல்லை" என்று சொல்லிவிடுகிறார். அவர் சொல்வது சரி. அது எப்படிச் சரி, அம்மாவை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செயலி உங்கள் படத்தின் மேல் வெளுப்பு பூசவில்லை. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் புதிதாக வேறொரு முகத்தை வரைந்திருக்கிறது. இந்த வேறுபாடு பிடிபடாதவரை, எத்தனை முறை திரும்பக் கேட்டாலும் வேறு வேறு வெளுத்த முகங்கள்தான் வந்துகொண்டிருக்கும்.

தெரியாத இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறது?

2020 ஜூன் மாதம் இணையத்தில் பரபரப்பாகப் பேசப்பட்ட ஒரு படம் இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 'பல்ஸ்' என்ற கருவியை உருவாக்கியிருந்தார்கள். மிகச் சிறிய, கட்டம் கட்டமாகத் தெரியும் முகப்படம் ஒன்றைக் கொடுத்தால் அது பெரிய, தெளிவான முகமாக மாற்றித் தரும். யாரோ ஒருவர் பராக் ஒபாமாவின் படத்தைக் கட்டங்களாக்கி அதில் கொடுத்தார். உலகமே அடையாளம் காணக்கூடிய அந்த முகத்துக்கு, செயலி திருப்பித் தந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தை.

அந்தக் கருவி வேலை செய்யும் விதம் இதுதான். நீளத்துக்கு 16, அகலத்துக்கு 16 என்று 256 புள்ளிகள் மட்டுமே உள்ள படத்தில் மூக்கின் வடிவம் கிடையாது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று மங்கிய புள்ளிகள்தான் உண்டு. அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தக்கூடிய முகங்கள் எண்ணற்றவை. சுருக்கிப் பார்த்தால் அதே 256 புள்ளிகளைத் தரக்கூடிய ஒரு முகத்தைத் தான் கற்ற முகங்களின் உலகத்தில் கருவி தேடுகிறது. கிடைத்ததும் அதைக் கொடுத்துவிடுகிறது. அது முகங்களைக் கற்ற இடம் பிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 படங்களின் தொகுப்பு. அந்தத் தொகுப்பில் வெளுத்த முகங்கள் மிகுதி. ஆகவே தேடல் எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் அங்கேயே போய் நிற்கிறது.

ஒபாமாவின் தோல் கறுப்பு என்ற தகவல் அந்தப் புள்ளிகளில் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் உறுதியாக இல்லை. ஒரு புள்ளி கறுத்திருப்பதற்குக் காரணம் தோலாகவும் இருக்கலாம், நிழலாகவும் இருக்கலாம். நன்கு வெளிச்சம் பட்ட கறுத்த முகமும், நிழலில் நிற்கும் வெளுத்த முகமும் சிறிய படத்தில் ஒரே அளவு கறுப்பைத் தரும். இரண்டில் எது என்று தீர்மானிக்க வேண்டியபோது, செயலி தான் அதிகம் பார்த்திருப்பதைத் தேர்ந்தெடுக்கிறது. "முகம் வெளுப்பு, வெளிச்சம்தான் போதவில்லை" என்று முடிவு கட்டி, போதாத வெளிச்சத்தையும் தானே சேர்த்துக் கொடுக்கிறது. ஆயாவின் படத்தில் நடப்பதும் இதே தீர்மானம்தான்.

பல்ஸுக்குப் பின் வந்த செயலிகள் வேறு முறையில் இயங்குகின்றன. படத்தின் மேல் இரைச்சலை, அதாவது தாறுமாறான புள்ளிகளை, தூவி, பிறகு அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே புதுப் படத்தை வரைகின்றன. எவ்வளவு இரைச்சல் தூவினீர்களோ அந்த அளவுக்கு மூலப் படம் அழிகிறது. அழிந்த இடத்தைச் செயலி தன் பழக்கத்தால் நிரப்புகிறது. அந்தப் பழக்கம் இணையத்திலிருந்து வாரிய கோடிக்கணக்கான படங்களால் வந்தது. அவற்றில் இந்தியப் பெண் என்ற குறிப்போடு கிடைப்பவை பெரும்பாலும் நடிகைகள், மணப்பெண் அலங்காரங்கள், விளம்பரங்கள். அதாவது வலையேற்றும் முன்பே கணினியில் மெருகேற்றி வெளுக்கப்பட்டவை. போதாக்குறைக்கு, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் ஆக்கும் செயலியின் முதல் பதிப்புகளைப் பயிற்றுவித்தபோது, கடைசிக் கட்டங்களில் 'அழகு மதிப்பெண்' கொடுக்கும் ஒரு நிரல் தேர்ந்தெடுத்த படங்களையே பயன்படுத்தினார்கள். எது அழகு என்று முன்பே ஒரு சல்லடை வைத்துச் சலித்தாகிவிட்டது என்று பொருள். நம் வீடுகளில் பெண் பார்க்கப் போகும்போது வைத்திருக்கும் சல்லடைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூக்குக்கு எத்தனை கட்டம்?

நிறத்தோடு மூக்கும் உதடும் ஏன் மாறுகின்றன என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும்.

நம் படம் 9 சென்டிமீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் உயரம். அதில் ஆயாவின் முகம், நெற்றி முதல் தாடை வரை, ஒன்றரை சென்டிமீட்டர். அதைக் கைப்பேசியில் பிடித்து உறவினர் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் மற்றவருக்கு அனுப்பி, கடைசியில் வந்து சேரும்போது படத்தின் உயரம் 1000 பிக்சலுக்குச் சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 14 சென்டிமீட்டருக்கு 1000 பிக்சல் என்றால், முகத்துக்கு ஏறக்குறைய 107 பிக்சல். மூக்கின் அகலத்துக்கு 20 சொச்சம்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகைச் செயலிகள் இந்தப் பிக்சல்களில் நேரடியாக வேலை செய்வதில்லை. கணக்கைச் சுருக்குவதற்காக, நீளத்தில் 8 பிக்சலும் அகலத்தில் 8 பிக்சலும் கொண்ட ஒவ்வொரு சதுரத்தையும் ஒரே கட்டமாக மடக்கிக்கொள்கின்றன. 512 பிக்சல் படம் அவற்றுக்கு 64 கட்டம். அந்தக் கணக்கில் ஆயாவின் முழு முகமும் 13 கட்டம். மூக்குக்கு மூன்று கட்டம்கூடத் தேறாது. ஒபாமாவின் கட்டம் கட்டமான படத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. மூன்று கட்டத்துக்குள் ஒரு குறிப்பிட்ட மனுஷியின் மூக்கைப் பிடித்து வைக்க முடியாது. ஏதோ ஒரு மூக்கை வைக்கலாம், அவ்வளவுதான்.

இனி அதே அட்டையை ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுங்கள். முகம் 354 பிக்சல் வரும். முகத்தைச் சுற்றி 4 சென்டிமீட்டர் சதுரத்தை மட்டும் வெட்டி, அதை 1024 பிக்சலுக்குப் பெரிதாக்கிச் செயலிக்குக் கொடுங்கள். இப்போது முகத்துக்கு 48 கட்டம், மூக்குக்கு ஒன்பது பத்து. எந்தப் பொத்தானையும் தொடாமலே மாற்றத்தில் பாதி குறைந்துவிடும். கூட்டுக் குடும்பப் படங்களில் பின்வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் அடையாளம் தெரியாத அந்நியர்களாகிப்போவதற்குக் காரணமும் இதுதான். அங்கே ஒவ்வொரு தலையையும் தனித்தனியாக வெட்டி எடுத்துத்தான் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

ஸ்கேன் எடுக்கும்போது ஸ்கேனரில் இருக்கும் 'தானாகத் திருத்து' வசதிகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தை உயர்த்துவது அங்கேயே தொடங்கிவிடுவதுண்டு. கோப்பை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவத்தில் சேமியுங்கள்.

வெளுத்ததா, வெளிச்சம் கூடியதா?

கறை படிந்து மங்கிய படத்தைச் சுத்தம் செய்தால் மொத்தப் படமும் சற்றுப் பளிச்சென்று ஆவது இயல்பு. அதையும் முகம் மட்டும் வெளுப்பதையும் கண்ணால் பிரித்தறிவது கடினம், ஏனென்றால் வண்ணம் வந்தவுடன் கண் ஏமாந்துவிடுகிறது. அளந்து பார்ப்பது எளிது.

இதற்குக் கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். செயலி தந்த வண்ணப் படத்தைத் திறந்து `Colors > Desaturate` வழியாகக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். மூலப் படத்தையும் பக்கத்தில் திறந்துவையுங்கள். நிறம் எடுக்கும் கருவியில் `Sample average` என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியைச் சொல்லும். அதைக் கொண்டு இரண்டு படங்களிலும் ஒரே மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: வெளிச்சம் பட்ட கன்னம், வெள்ளைச் சேலையின் மடிப்பில்லாத பகுதி, பின்னால் உள்ள திரைச்சீலை. 0 என்பது முழுக் கறுப்பு, 255 என்பது முழு வெள்ளை.

மூலப் படத்தில் கன்னம் 95, சேலை 214, திரைச்சீலை 60 என்று வருகிறது. செயலி தந்த படத்தில் கன்னம் 148, சேலை 218, திரைச்சீலை 62 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலையும் திரைச்சீலையும் அசையவில்லை. கன்னம் மட்டும் 53 ஏறியிருக்கிறது. வெளிச்சம் கூடியிருந்தால் மூன்றும் ஏறியிருக்க வேண்டும். ஆகவே ஸ்டூடியோ விளக்கின் மேல் பழி போட முடியாது. முகத்தைத் தனியே எடுத்து வெளுக்க வைத்திருக்கிறது செயலி. மூன்று எண்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் அது வெறும் வெளிச்சம். பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

வடிவம் மாறியதா என்று பார்க்க இன்னும் எளிய வழி: இரண்டு படங்களையும் கிம்ப்பில் ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாக, அதாவது லேயர்களாக, வைத்து, இரு கண்களின் உள் மூலைகளையும் பொருத்திவிட்டு, லேயர் பட்டியலில் மேல் படத்தின் பக்கத்தில் உள்ள கண் சின்னத்தைச் சொடுக்கி மறைத்தும் காட்டியும் பாருங்கள். நாசி ஓரங்கள் உள்ளே வெளியே நகர்ந்தால் மூக்கு மாறியிருக்கிறது. தாடையையும் உதட்டின் விளிம்பையும் இதே வழியில் பாருங்கள்.

ஒளியை மூலத்திலிருந்து எடுங்கள், வண்ணத்தை மட்டும் கடன் வாங்குங்கள்

திருத்துவதற்குப் பலர் முதலில் செய்வது, செயலியிடமே "நிறத்தை மாற்றாதே, முக அமைப்பை மாற்றாதே" என்று எழுதிக் கேட்பது. கொஞ்சம் உதவும். ஆனால் அந்த வாக்கியம் செயலிக்கு ஒரு சாய்வுதானே தவிரப் பூட்டு அல்ல. முகத்தை மறுபடி வரைந்துகொண்டேதான் அந்த வேண்டுகோளையும் கேட்டுக்கொள்கிறது. இரைச்சலின் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைக்கலாம். `Denoising strength` என்று திரையில் இருக்கும். 0.7க்கு மேல் போனால் ஆள் மாறிவிடும், 0.2 முதல் 0.35 வரை வைத்தால் கீறல்கள் ஓரளவு நீங்கும், ஆளும் தப்பிப்பார். முகத்தை மட்டும் தெளிவாக்கும் கோட்ஃபார்மர் போன்ற கருவியில் `w` என்ற எண் 0 முதல் 1 வரை போகும். 0 பக்கம் போனால் பளபளப்பு கூடும், 1 பக்கம் போனால் மூலத்துக்கு விசுவாசம் கூடும். பளபளப்புதான் நம் எதிரி என்பதால்:

```
python inference_codeformer.py -w 0.9 --input_path face.png
```

இவையெல்லாம் சேதத்தைக் குறைக்கும் வழிகள். சேதத்தை நீக்கும் வழி வேறு. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பொறுத்தவரை அது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது.

ஒரு வண்ணப் படத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: எந்த இடம் எவ்வளவு ஒளி என்பது ஒன்று; எந்த இடம் என்ன வண்ணம் என்பது மற்றொன்று. உங்கள் கையில் இருக்கும் பழைய படம் முழுக்க முழுக்க முதல் பகுதிதான். ஆயாவின் தோல் எவ்வளவு கறுப்பு என்பது அதில் இருக்கிறது. அவர் மூக்கின் அகலமும், உதட்டின் தடிப்பும், கன்ன எலும்பும்கூட அதிலேதான் இருக்கின்றன, ஏனென்றால் படத்தில் வடிவம் என்று நாம் காண்பது ஒளி நிழலின் ஏற்ற இறக்கத்தைத்தான். செயலி நமக்கு உண்மையில் கொடுக்க வேண்டியது இரண்டாவது பகுதியை மட்டும். அது இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது; நாம் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

செய்முறை இது. முதலில் மூலப் படத்தின் கீறல்களையும் புள்ளிகளையும் கிம்ப்பின் `Heal` கருவியால் கையாலேயே சரிசெய்யுங்கள். முகத்தின் குறுக்கே போகும் கீறலாக இருந்தால் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோலிலிருந்து எடுத்துச் சிறிய தூரிகையால் நிரப்புங்கள். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகலாம். இந்த வேலையைச் செயலிக்கு விடாமல் இருப்பதே பாதி வெற்றி. அடுத்து, செயலி தந்த வண்ணப் படத்தைக் கீழ் லேயராக வைத்து, நீங்கள் சுத்தம் செய்த மூலப் படத்தை அதன்மேல் வைத்து, கண்களைப் பொருத்தி, மேல் லேயரின் முறையை `LCh Lightness` என்று மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பில் அதற்கு `Luminosity` என்று பெயர்.

மாற்றிய கணத்திலேயே கன்னம் 95க்கு இறங்கிவிடும். மூக்கும் பழைய அகலத்துக்கு வந்துவிடும். வண்ணம் மட்டும் நிற்கும்.

இரண்டு குறைகள் தென்படும். முதலாவது, செயலி வரைந்த உதடு மூல உதட்டைவிட மெல்லியதாக இருந்ததால், சிவப்பு உதட்டை முழுதும் நிரப்பாமல் நடுவில் கோடாக நிற்கும். கண்ணின் வெண்மை இமைக்கு வெளியே வழியும். இதற்குக் கீழே உள்ள வண்ண லேயரை மட்டும் `Gaussian Blur` கொண்டு மங்கலாக்குங்கள். ஒளியின் கூர்மையைத்தான் மனிதக் கண் பிடித்துக்கொள்கிறது. வண்ணம் சற்று மங்கலாக இருந்தால் கண்டுகொள்வதில்லை. அதிலும் சரியாகாத உதட்டை, தூரிகையால் அந்த லேயரில் கையாலேயே பூசிவிடலாம்.

இரண்டாவது குறை இதைவிட முக்கியமானது: தோல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். வெளுத்த முகத்துக்கென்று செயலி தேர்ந்தெடுத்த வெளிர் வண்ணத்தைக் கறுத்த முகத்தின் மேல் போர்த்தினால் உயிர் இருக்காது. கறுத்த தோலுக்குச் செம்பழுப்பின் செறிவு கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஆயாவின் மகளோ மகனோ அதே நிறத்தில் இருந்தால், பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத நிழலில், மெருகூட்டும் வசதிகளை அணைத்துவிட்டு எடுத்த அவர்களுடைய வண்ணப் படத்தைப் பாருங்கள். கன்னத்திலிருந்து ஒரு நிறம், நெற்றியிலிருந்து ஒன்று, உதட்டிலிருந்து ஒன்று என்று எடுத்து, `LCh Color` முறையில் ஒரு புது லேயரில் மெல்லப் பூசுங்கள். கன்னமும் நெற்றியும் ஒரே நிறமாக இருக்காது. ஒரே நிறத்தைப் பூசினால் களிமண் பொம்மையாகிவிடும்.

வீட்டுப் பெரியவர்களைக் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. முடித்த படத்தைக் காட்டி "சரியா?" என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், சிலர் "இன்னும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் என்ன" என்பார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஹார்வர்டின் எல்லிஸ் மங்க் வகுத்து, 2022இல் கூகிள் வெளியிட்ட தோல் நிற அளவுகோல் ஒன்று இருக்கிறது. மிக வெளுத்ததிலிருந்து மிகக் கறுத்தது வரை 10 நிறங்கள். அதை அச்செடுத்து, அம்மா இதில் எது, அப்பா இதில் எது என்று இருவர் மூவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்களைத்தான் தொடுவார்கள். அந்தக் குறிப்பு பிறகு கைகொடுக்கும்.

பழைய படமே பொய் சொல்லும் இடங்கள்

மூலப் படம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பலாமா என்றால், முழுதும் நம்ப முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளும், அதன்பின் நெடுங்காலம் புழங்கிய பல ஃபிலிம்களும் நீல ஒளிக்கு எளிதில் மசிந்தன, சிவப்புக்கு மசியவில்லை. பழுப்புத் தோலில் நீலம் குறைவு, சிவப்பு மிகுதி. ஆகவே அந்தப் படங்களில் நம்மவர்கள் உண்மையில் இருந்ததைவிடக் கறுப்பாகப் பதிவாகியிருப்பார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலின் தலைமுறையைப் படமாக வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். 1950களின் ஃபிலிம்கள் பெரும்பாலும் எல்லா வண்ணங்களையும் ஓரளவு சமமாகப் பிடித்தன.

எதிர்ப்பக்கத்துப் பொய்யும் உண்டு. ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் முகத்தை மெருகேற்றுவது வழக்கம். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். மணப்பெண் படங்களில் கை கறுத்தும் முகம் வெளுத்தும் இருந்தால் பவுடரை மட்டும் சந்தேகிக்காதீர்கள். அப்படிப்பட்ட படத்தில் கன்னத்தைவிடக் கழுத்தையும் புறங்கையையும் அளவாகக் கொள்வது நல்லது.

இந்த நாட்டில் நிறத்தின் அளவு வெறும் ரசனை விவகாரமாக இருந்ததில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், ஒருவர் எந்த இனம் என்பதை அவர் தோற்றத்தையும், ஊரார் அவரை எந்த இனமாக ஏற்றிருந்தார்கள் என்பதையும் பார்த்து அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். அந்தத் தோற்றத்தோடு வாழ்ந்தவரின் படத்தில், எங்கிருந்தோ வந்த ஒரு சராசரியைப் பூசிவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வராது.

எழுத்திலிருந்து படம் ஆக்கும்போது

மூலப் படமே இல்லாமல், தைப்பூசக் காவடி அறிவிப்புக்கு ஒரு படம் வேண்டும் என்று எழுதிக் கேட்கும்போது, மேலே சொன்ன திருத்தம் உதவாது. ஒளியை வாங்கிவர மூலம் ஏதும் இல்லை. அங்கே சொற்கள்தான் கருவி. பயிற்சிப் படங்களோடு ஒட்டியிருந்த விளக்க வரிகளில் எந்தச் சொல் எந்த முகத்தோடு அதிகம் வந்ததோ, அந்தச் சொல் அந்த முகத்தை இழுத்துவரும். `beautiful`, `glowing`, `bride` போன்றவை வெளுப்பை இழுக்கும் சொற்கள். `dark` என்று மட்டும் போட்டால் பல சமயம் தோலுக்குப் பதிலாகப் படத்தின் வெளிச்சம் இருண்டுவிடும். நிறத்தை நிறமாகவும், அங்கத்தை அங்கமாகவும், வெளிச்சத்தைத் தனியாகவும் சொல்வது பலன் தரும்:

```
photo of a South African Tamil woman, about 60,
deep brown skin, broad nose, full lips, natural wrinkles,
soft overcast daylight, unretouched
```

ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு கட்டாமல் எட்டுப் பத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாரும் சகோதரிகள் போல இருந்தால், சொல் மாறியும் செயலியின் பழக்கம் மாறவில்லை என்று அர்த்தம். நாம் எழுதிக் கொடுக்கும் ப்ராம்ப்டை எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்ற அளவை, திரையில் `CFG scale` என்றிருப்பதை, மிக உயர்த்தினாலும் இப்படி ஒரே அச்சாகிவிடும். சற்று இறக்கிப் பாருங்கள்.

செயலியை நடத்துபவர்களே பின்னாலிருந்து சொற்களைச் சேர்த்து இதைச் சரிசெய்ய முயல்வதும் உண்டு. அது எங்கே போய் முட்டும் என்பது 2024 பிப்ரவரியில் தெரிந்தது. கூகிளின் ஜெமினி, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் சிப்பாய்களைக்கூடப் பல இனத்தவராக வரைந்து கொடுக்க, மனிதர்களை வரையும் வசதியையே கூகிள் சில காலம் நிறுத்திவைத்தது. எல்லாக் கேள்விக்கும் ஒரே திருத்தத்தைத் தூவினால் அந்தத் திருத்தமும் இன்னொரு சராசரியாகிவிடுகிறது.

காவடி அறிவிப்பைப் பொறுத்தவரை என் யோசனை வேறு. தைப்பூசத்தன்று டர்பன் கோயில்களில் காவடி எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரிடம் அனுமதி கேட்டு, காலை வெளிச்சத்தில், ஃபில்டர்களை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். மயில் தோகையையோ பின்னணியையோ அலங்கரிக்கச் செயலி வேண்டுமானால், முகத்தையும் கைகால்களையும் மாஸ்க்கால் மூடிவிட்டு மற்ற இடங்களை மட்டும் திறந்துவிடுங்கள். முடிந்தபின் மூலப் படத்திலிருந்து முகத்தை வெட்டி அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். மாஸ்க் போட்டிருந்தாலும், கட்டங்களாக மடக்கி விரிக்கும்போது மூடிய இடமும் லேசாக மாறத்தான் செய்யும்.

ஆயாவின் படத்தை முடித்துச் சட்டம் போடும்போது, பின்பக்கம் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்: ஒளி மூலப் படத்தினுடையது, தோலின் வண்ணம் மகளின் படத்தைப் பார்த்துப் பூசியது, சேலையின் கரை நிறம் ஊகம். சேலைக் கரையை நிச்சயம் யாராவது ஒரு சித்தி வந்து மறுப்பார். அந்த லேயரைத் தனியாகச் சேமித்து வைத்திருந்தால் மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.